திறந்த கிரவுனும் குமிழிகளும்: ஓர் அழுத்தச் சோதனை

சாவி கொடுக்கும் கிரவுனைத் திருகி மூடாமல் விட்டால் கடிகாரத்துக்குள் தண்ணீர் எவ்வளவு சுலபமாகப் போகும் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஓடாத இயந்திரத்தோடு பழைய டைவர் கடிகாரம் ஒன்று கிடந்தது. முதுகில் 200 மீட்டர் என்று பொறித்திருக்கும். நனைந்தாலும் நஷ்டமில்லை.

சோதனைக் கருவி எளிமையானது. கண்ணாடிக் குடுவையில் பாதி தண்ணீர். மேலே காற்றில் கடிகாரம் தொங்கும். கைப்பம்பால் காற்றழுத்தத்தை 3 பார் வரை ஏற்றிச் சில நிமிடங்கள் விட்டால், எங்காவது ஓட்டை இருக்கும்பட்சத்தில் காற்று உள்ளே புகுந்துவிடும். பிறகு கடிகாரத்தைத் தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைக்க வேண்டும். உள்ளே போன காற்று குமிழியாக வெளியே வரும். குமிழி தென்பட்டதும், அழுத்தம் முழுக்க இறங்கும் முன்பே கடிகாரத்தை மேலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் காற்று வந்த வழியே தண்ணீர் போகும்.

முழுக்க மூடியபோது ஒரு குமிழிகூட இல்லை. மரையிலிருந்து விடுவித்து வைத்தபோது கிரவுனின் அடியிலிருந்து சரம் சரமாகக் கொட்டியது. என்னை யோசிக்க வைத்தது நடுவில் உள்ள நிலைதான்: மரை பிடித்து, கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. பார்வைக்கு மூடியதுபோலவே இருந்தது. ஆனால் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன.

காரணம் கிரவுனைக் கழற்றிப் பார்த்ததும் புரிந்தது. தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல. மரை என்பது சுருண்டு போகும் வாய்க்கால், அவ்வளவுதான். கிரவுனின் உட்புறத்தில் உள்ள ரப்பர் வளையம், கிரவுன் திருகி ஏறும் குழலின் விளிம்பில் நசுங்கும்போதுதான் வழி அடைபடுகிறது. அந்த நசுக்கல் கடைசிச் சுற்றில்தான் நடக்கிறது. சில கடிகாரங்களில் குழலுக்குள்ளும் வளையங்கள் உண்டு. அவை ஓரளவு காப்பாற்றும். இதில் அது கிடையாது. தேதியை மாற்றிவிட்டுக் கிரவுனை உள்ளே தள்ளியதோடு நிறுத்துபவர் கை கழுவும்போதே ஆபத்தில் இருக்கிறார்.

மூடும் விதம்: கிரவுனை நேராக அழுத்தி, முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்ப வேண்டும். மரையின் தொடக்கம் வந்ததும் விரலுக்கு ஒரு சிறு சரிவு தெரியும். அங்கிருந்து வலப்புறம். பல இயந்திரங்களில் திருகும்போதே சாவியும் ஏறும், அந்த மெல்லிய கறகறப்பு இயல்பானது. முதல் சுற்றிலேயே இறுகினால் மரை குறுக்கே ஏறியிருக்கிறது. உடனே பின்வாங்க வேண்டும். விரல் பலம் போதும், குறடு வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கினால் வளையம் தட்டையாகி, மரையும் தேயும். முடித்தபின் பக்கவாட்டில் பார்த்தால், கிரவுனுக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி சுற்றிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

நீரில் இருக்கும்போது திறப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரையேறிய பிறகும் துடைத்துவிட்டுத்தான் திறக்கிறேன். கிரவுனின் அடியில் தங்கிய துளி தண்டு வழியே நுழையும்.

இந்தக் கடிகாரத்தின் வளையத்தில் குழலின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. புதியது போட்டு, சிலிகான் கிரீஸ் மெலிதாகத் தடவினேன். குழலின் முதல் மரையும் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. அடுத்து அதை மாற்றிப் பார்க்க வேண்டும்.