கன்னத்தில் விழும் கோடு

மார்ச் 3

அனிமே முகத்தின் மாடலிங் முடிந்தது. இன்று பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் செல் ஷேடிங் தொடங்கினேன், அதாவது ஒளிக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம் என்று ஓவியம்போலப் பிரிக்கும் வேலை. எல்லோரும் செய்வதுபோல டிஃப்யூஸ் ஷேடரை `Shader to RGB` வழியாக `Color Ramp`-க்குக் கொடுத்து, `Constant` வைத்தேன். நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுந்தது. ஆனால் விளக்கின் பலத்தைக் கொஞ்சம் கூட்டியதுமே நிழற்கோடு காதுப்பக்கம் ஓடிவிட்டது. காரணம், அந்த வழியில் ராம்ப் அளப்பது வெளிச்சத்தின் அளவைத்தான். விளக்கு மாறினால் கோடும் மாறும்.

எனக்கு வேண்டியது கோணம் மட்டும். அதனால் விளக்கையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பரப்பு பார்க்கும் திசையான நார்மல் `N`-க்கும் நானே எழுதிய ஒளித்திசை `L`-க்கும் நேராக டாட் ப்ராடக்ட் போட்டேன். இரண்டு திசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது ஒரே எண்ணாகச் சொல்லும்.

```
L = (-0.5, -0.7, 0.5)
h = dot(N, L) * 0.5 + 0.5
```

ஒளியை நேராகப் பார்க்கும் இடத்தில் `h` கிட்டத்தட்ட 1, பக்கவாட்டில் திரும்பிய இடத்தில் 0.5, முதுகு காட்டும் இடத்தில் 0. இனி நிழல் தொடங்கும் வரம்பு எங்கே என்பது என் கையில்.

மார்ச் 4

வரம்பை 0.5-ல் வைத்தால் கணக்குப்படி சரி, பார்வைக்குச் சரியில்லை. இந்த ஒளிக்கு, முகத்தின் நேர்முன் திசையிலிருந்து 54 டிகிரி திரும்பிய இடத்தில்தான் நிழல் தொடங்குகிறது. முன்னாலிருந்து பார்த்தால் அது காதோரம் ஒட்டிய மெல்லிய பட்டை. முகம் தட்டையாகத் தெரிகிறது. 0.58-க்கு ஏற்றினேன். கோடு 44 டிகிரிக்கு, அதாவது கன்னத்து மேட்டுக்கு வந்தது. முகத்துக்கு ஒரு திருப்பம் கிடைத்துவிட்டது. வெறும் 0.08-தான் வித்தியாசம்!

கூடவே ஒரு தொல்லையும் வந்தது. மூக்கோரத்திலும் உதட்டு முனையிலும் சின்னச் சின்ன நிழல் திட்டுகள், கன்னத்தில் மை தெறித்ததுபோல. சாதாரண ஷேடிங்கில் இந்த மேடுபள்ளம் கண்ணுக்கே தெரியாது. இரண்டே நிறம் என்றதும் 0.57-ம் 0.59-ம் பகலும் இரவுமாகிவிடுகின்றன.

மார்ச் 6

இரண்டு நாள் முகத்தின் 3D வலையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். திட்டு போனது, முகச்சாயலும் கூடவே போனது. அந்தக் கோப்பை அழித்துவிட்டேன்.

வடிவத்தைத் தொடாமல் நார்மலை மட்டும் மாற்றுவதுதான் வழி. முகத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு மொழுமொழு உருவம் செய்து, `Data Transfer` மாடிஃபையரில் `Custom Normals` தேர்ந்து, அதன் நார்மலை முகத்துக்கு மாற்றினேன். முட்டை உருவத்தை ரெண்டரில் மறைத்தாயிற்று. இப்போது முகம் முகமாகவே இருக்கிறது, ஒளி மட்டும் அதை முட்டையாக நினைத்துக்கொள்கிறது. நெற்றிப்பொட்டிலிருந்து தாடைவரை ஒரே வளைகோடு!

மூக்கையும் சேர்த்து மாற்றியதில் மூக்கே காணாமல் போனது. இந்த மாற்றம் எங்கே எவ்வளவு என்பதை வெர்டெக்ஸ் குரூப்பில் சொல்லலாம். அதில் மூக்குக்கு வெயிட் 0 கொடுத்து, சுற்றி இரண்டு வரிசை வெர்டெக்ஸ்களில், அதாவது வலையின் புள்ளிகளில், மெல்ல 1-க்கு ஏற்றினேன். மூக்கின் நிழற்பக்கம் சின்ன முக்கோணமாகத் திரும்பி வந்தது. அந்த முக்கோணம் இல்லாவிட்டால் அனிமே முகம் என்றே தோன்றாது.

மார்ச் 7

கழுத்து. டாட் ப்ராடக்டுக்குத் தாடை குறுக்கே நிற்பது தெரியாது. கழுத்தின் முன்பக்கம் நெற்றியைப் போலவே 0.85 காட்டிப் பளிச்சென்று இருந்தது. விழும் நிழலை விளக்கிடம் கேட்காமல் நானே வரைந்தேன். வெர்டெக்ஸ் பெயிண்டில் எல்லாம் வெள்ளை, தாடைக்குக் கீழே மட்டும் கறுப்பு. அந்த நிறத்தை `h`-ஓடு பெருக்கினால் வெள்ளைபட்ட இடம் அப்படியே இருக்கும், கறுப்புபட்ட இடம் ஒளி எங்கே திரும்பினாலும் நிழலில்தான். முன்முடி நெற்றியில் விழவேண்டிய நிழலுக்கும் இதேதான். ஆனால் வெர்டெக்ஸ் நெருக்கம் இல்லாத இடத்தில் விளிம்பு ரம்பப்பல்லாக வருகிறது, நெற்றியில் கூடுதலாக இரண்டு வளையம் வெட்டவேண்டியிருந்தது.

மார்ச் 9

நிறம் ஏன் வெளிறிப்போகிறது என்று வெகுநேரம் தேடினேன். நிறங்களைத் திரைக்கு மாற்றும் `View Transform` தானாகவே AgX-ல் இருந்திருக்கிறது. `Standard` ஆக்கியதும் நான் தேர்ந்த நிறமே திரையில் வந்தது. தோலுக்கு `#F8D9C4`, நிழலுக்கு `#D99A8F`. அதே நிறத்தில் கறுப்பைக் கலந்தால் நிழல் அழுக்காகத் தெரியும், சிவப்புப்பக்கம் சாய்த்தால் தோலுக்குள் ரத்தம் ஓடுகிறது.

மூன்றாவதாக ஓர் ஒளிப்பட்டையும் 0.93-க்கு மேல் போட்டுப்பார்த்தேன். நெற்றியில் வட்டமாக விழுந்து எண்ணெய் வழிவதுபோல இருந்தது. முகத்திலிருந்து எடுத்துவிட்டேன். முடியில் மட்டும் வைத்திருக்கிறேன், அங்கே அது பளபளப்பாக நன்றாகப் பொருந்துகிறது.

மார்ச் 10

ஒளியை 10 டிகிரி, 10 டிகிரியாகச் சுற்றிப் பார்த்தேன். கன்னத்துக் கோடு உடையாமல் நகர்கிறது. மூக்கு முக்கோணம் மட்டும் ஒளி நேர் எதிரே வரும்போது சட்டென்று மறைகிறது. அசையாத ஓவியத்துக்கு அது போதும். தலை திரும்பும் காட்சிக்கு, ஒளித்திசையைத் தலை எலும்போடு கட்டவேண்டும்.