திங்கட்கிழமை தாமதம், செவ்வாய்க்கிழமை சேதம்

மார்ச் 3, 2025, திங்கள்

வாடிக்கையாளர் புகார்களை ஒரு மொழி மாடலிடம் கொடுத்து வகை பிரிக்கிறோம். 1 தாமதம், 2 சேதம், 3 மற்றவை. எண்ணை மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இன்று பார்த்த ஒரு புகார்: "பத்து நாள் கழித்து வந்தது, பிரித்தால் மூடி உடைந்திருக்கிறது." மாடல் 1 என்றது. சரி, ஏற்றுக்கொள்ளலாம்.

மார்ச் 4, செவ்வாய்

அதே புகாருக்கு இன்று 2 வந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்த எண்ணை வைத்துத்தான் மாதாந்திர அறிக்கை போகிறது என்பதால் இதை அப்படியே விட மனம் வரவில்லை.

மாடல் போடும் நிகழ்தகவுகளைக் காட்டும் logprobs-ஐக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாடல் அடுத்த டோக்கன், அதாவது அடுத்த சொல்துண்டு, எதுவாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு போடுகிறது; அப்புறம் அந்த விகிதத்தில் குலுக்கி ஒன்றை எடுக்கிறது. இந்தப் புகாருக்கு 1-க்கு 55%, 2-க்கு 40%, 3-க்கு 5%. நூறு தடவை கேட்டால் நாற்பது தடவை 2 வருவது இயல்புதான். நேற்று வந்த 1 உறுதியான பதிலே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டதால் உறுதியாகத் தெரிந்தது.

பலரும் குலுக்கலில் எவ்வளவு ஆட்டம் வேண்டும் என்று சொல்லும் temperature அமைப்பை 1-இலிருந்து 0.5 ஆக்கிவிட்டு, இனி மாறாது என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால், 0.5-இல் ஒவ்வொரு நிகழ்தகவும் தன்னாலேயே பெருக்கப்பட்டு, மொத்தம் 100% ஆகும்படி மறுபடி பங்கிடப்படுகிறது: 1-க்கு 65%, 2-க்கு 34%. மூன்றில் ஒரு தடவை இன்னும் 2 வரும்.

மார்ச் 6, வியாழன்

temperature-ஐ 0 ஆக்கினேன். இனி குலுக்கல் கிடையாது, எது முதலில் நிற்கிறதோ அதுதான் பதில். மூடி உடைந்த புகார் 1-லேயே நின்றுவிட்டது. ஆனால் வேறொரு புகார் இன்னும் ஆடுகிறது. அதில் 1-ம் 2-ம் கிட்டத்தட்ட சமம். தசமப் புள்ளிக்கு அப்பால் வெகுதூரத்தில்தான் வித்தியாசம்.

இதற்குக் காரணம் கணினியின் கூட்டல். பின்ன எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் விடையும் துளி மாறும்:

```python
print((0.1 + 0.2) + 0.3)  # 0.6000000000000001
print(0.1 + (0.2 + 0.3))  # 0.6
```

சர்வரில் என் கேள்வி தனியாக ஓடுவதில்லை. அந்த நேரத்தில் வந்த மற்றவர்களின் கேள்விகளோடு சேர்த்து ஒரே தொகுப்பாக ஓடும். தொகுப்பின் அளவு மாறும்போது ஜிபியு கூட்டும் வரிசையும் மாறலாம். தெளிவான கேள்விக்கு இந்தத் துளி ஒன்றும் செய்யாது. சமநிலையில் நிற்கும் கேள்வியைப் புரட்டிப் போட்டுவிடும். நீண்ட பதிலில் நிலைமை மோசம்: நடுவில் ஒரு டோக்கன் மாறினால் அதற்கப்புறம் வருவதெல்லாம் வேறு பாதையில் போகும்.

குலுக்கலுக்குத் தொடக்க எண்ணாக ஒரு seed கொடுத்தால் போதாதா என்று நண்பர் கேட்டார். அது குலுக்கலை மட்டும்தான் ஒரே மாதிரி ஆக்கும். குலுக்குவதற்கு முன்பே நிகழ்தகவு மாறிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மார்ச் 7, வெள்ளி

நாள் கணக்கில் வரும் மாற்றங்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. மாடலின் பொதுப் பெயரைக் கொடுத்து அழைத்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு ஒருநாள் மாறிவிடும். தேதி ஒட்டிய பதிப்புப் பெயர் கிடைத்தால் அதையே கொடுப்பது நல்லது. எங்கள் பிராம்ப்ட்டின் தலையில் "இன்றைய தேதி" என்று ஒரு வரி தானாகச் சேர்ந்துகொண்டிருந்தது. கேள்வி தினமும் மாறிக்கொண்டே இருந்தது என்றுதானே அர்த்தம்? எடுத்துவிட்டேன். சாட் ஜன்னலில் பழைய உரையாடலின் நினைவும் கேள்வியோடு போகக்கூடும் என்பதால், அங்கே சோதித்துப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

ஆடும் புகார்களை மட்டும் தனியே எடுத்துப் படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் தாமதமும் சேதமும் சேர்ந்தே இருந்தன. இரண்டும் இருந்தால் எந்த எண் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை. பிராம்ப்ட்டில் ஒரு வரி சேர்த்தேன்: "பொருள் சேதமாகியிருந்தால், தாமதம் இருந்தாலும் 2." மூடி உடைந்த புகாரில் 2-இன் நிகழ்தகவு 97%-க்கு மேல் போய்விட்டது. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது கூட்டல் வரிசையால் பதில் புரள வாய்ப்பில்லை. அமைப்புகளை எவ்வளவு திருகியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

மார்ச் 12, புதன்

அறிக்கைக்குப் போகும் பதில்களைச் சேமித்து வைக்க ஏற்பாடு செய்தேன். புகார், முழு பிராம்ப்ட், பதிப்புப் பெயர், அமைப்புகள், பதில் எல்லாம் ஒரே பதிவில். பதிலைத் தவிர மற்ற நான்கும் அப்படியே திரும்ப வந்தால் மாடலை அழைக்காமல் பழைய பதிலையே எடுக்கும். நிகழ்தகவில் முதலிரண்டு இடத்தில் நிற்கும் எண்களின் இடைவெளி 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புகார் நேராக ஒரு மனிதரின் மேசைக்குப் போகும்.