திருத்திய பில்லும் எழுதாத ஒரு வரியும்

அந்த மன்னிப்புக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. அதை எழுதியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனாலும் மனம் அடங்கவில்லை.

எங்கள் கணக்கில் ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர் கடைகள் இருந்தன, ஒன்று ஈரோட்டிலும் மற்றொன்று கரூரிலும். ஈரோட்டுக்குப் போன மோட்டார் உதிரிபாகங்களுக்கு மாதக் கடைசியில் பில் போட்டபோது, பட்டியலில் முதலில் வந்த கரூர் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சரக்கு இறங்க வேண்டிய முகவரியை ஆர்டர் சீட்டைப் பார்த்துத் தனியாக அடித்ததால் லாரி சரியாக ஈரோட்டுக்கே போயிற்று. அங்கே குடோனில் பெட்டிகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், பில்லின் தலைப்பில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்க்கவில்லை, யாரும் பார்ப்பதில்லை.

பதினாறாம் தேதி கரூர்க் கடைக்காரர் அழைத்தார். அவர் பெயரில் மற்றவர்கள் போட்ட பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. 2B அறிக்கையில் 1,84,000 ரூபாய்க்கு ஒரு கொள்முதலும் அதன் மீது 33,120 ரூபாய் வரியும் ஏறியிருந்தன, சரக்கு வரவில்லை. இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும். நாங்களோ அந்த மாதத்து விற்பனை விவர அறிக்கையான GSTR-1ஐயே தாக்கல் செய்து முடித்திருந்தோம். கிரெடிட் நோட் போடலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால், நடக்காத ஒரு விற்பனையும் அதன் திருப்பமும் அவருடைய கணக்கில் நிரந்தரமாக நிற்கும். எனவே ஆடிட்டரைக் கேட்டு, அடுத்த மாத GSTR-1இல் திருத்த அட்டவணையான 9Aவில் ஜி.எஸ்.டி. எண்ணை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். கரூர்க்காரர் அந்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்து வரவாக எடுக்கக் கூடாது. ஈரோட்டுக்காரருக்கு வரி வரவு ஒரு மாதம் தள்ளிக் கிடைக்கும், அதுவரை அந்த 33,120 ரூபாயை அவர் கைக்காசாகக் கட்ட வேண்டும். இரண்டு கடைகளுக்கும் கடிதம் எழுதி, ஈரோட்டுக்குத் திருத்திய பில்லையும் அனுப்பினேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கடிதம் கிடைத்த அன்று கரூர்க்காரர் மறுபடியும் அழைத்தார்.

“லெட்டர் எல்லாம் சரிங்க சார். அந்த நாலு பர்சென்ட் பத்தி ஒரு வரிகூட இல்லீங்களே?”

பில் போட்ட அன்றே அதன் நகல் தானாக அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. பட்டியல் விலை 2,30,000, தள்ளுபடி 20 சதவீதம் என்று அதில் தெளிவாக இருந்தது. அது ஈரோட்டுக்காரருக்கான தள்ளுபடி, கரூர்க்காரருக்கு நாங்கள் தருவது 16 சதவீதம். அதே சரக்கை அவர் வாங்கியிருந்தால் வரிக்கு முன்பே 9,200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார். எங்கள் விற்பனையாளர் அவரிடம் “இதுக்கு மேல யாருக்கும் இல்லீங்க” என்று சொல்லியிருந்தாராம்.

“அது சேல்ஸ்காரங்க பாத்துக்கணுங்க அண்ணா” என்றேன். அவர் “சரிங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தப் பதிலை எத்தனையோ முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். விலை என் கையில் இல்லை என்பது உண்மை. ஈரோட்டுக்காரர் பதினைந்து நாளில் பணம் கட்டுகிறார், கரூர்க்காரர் அறுபது நாள் எடுத்துக்கொள்கிறார் என்ற நியாயமான காரணமும் இருந்தது. அதைச் சொன்னால் ஒருவருடைய கணக்கை இரண்டாம் முறையாக மற்றொருவருக்குக் காட்டியதாகிவிடும். ஆகவே பேசாமல் இருந்ததே முறை என்று ஒரு நாள் தோன்றுகிறது. ஆனால் கடிதத்தின் முதல் வரைவில், “மற்றொரு வாடிக்கையாளரின் விலை விவரம் தங்களுக்கு வந்து சேர்ந்ததற்கும் வருந்துகிறோம்” என்று நானே எழுதியிருந்தேன். மேலாளர் அந்த வரியைப் பேனாவால் அடித்து, “எண்ணைத் திருத்துங்க, போதும்” என்றார். நான் மறுக்கவில்லை, உள்ளூர நிம்மதியும் அடைந்தேன். அந்த வரி இருந்திருந்தால், ஈரோட்டுக் கடிதத்திலும் அதையொத்த ஒன்றை எழுத வேண்டியிருக்கும், தவறான பெயரைத் தேர்ந்தெடுத்தவன் யார் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். கடிதத்தில் “பதிவுப் பிழை” என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய்யில்லை, பதிந்தது யார் என்பதுதான் அதில் இல்லை.

இப்போது இரண்டு பெயர்களின் பின்னாலும் ஊர்ப் பெயரைச் சேர்த்திருக்கிறேன். கரூர்க்காரருக்கு அடுத்த ஆர்டரில் 18 சதவீதம் கொடுத்தார்கள். எதற்காக என்று அந்தப் பில்லில் எழுதவில்லை. ஈரோட்டுக்காரர் தம்முடைய வரவு எந்த மாதத்தில் வரும் என்று மட்டும் கேட்டார், மாதத்தைச் சொன்னேன். பழைய பில் வேறு யாருடைய கைக்குப் போனது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.