டிபன் பாக்ஸ் யாருக்கு, வீடியோ யாருக்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸில் என்ன கட்டிக் கொடுக்கலாம் என்று யூடியூபில் சின்னதாக ஒரு சேனல் வைத்திருக்கிறேன். ஒருநாள் பக்கத்துத் தெருப் பெண் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "ராகி இட்லிக்கு உளுந்து எவ்வளவுன்னு கேக்கலாம்னு பார்த்தேன், கமெண்ட் போடவே இடம் இல்லையே அக்கா?"

திறந்து பார்த்தால் "Comments are turned off" என்ற வரி மட்டும் நிற்கிறது. என் எல்லா வீடியோவிலும் அதே கதை. யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு மாலைப் பொழுதைப் புலம்பியே கழித்தேன்.

அப்புறம்தான் யூடியூப் ஸ்டுடியோவில் Content பக்கத்தைப் பார்த்தேன். Restrictions என்ற பத்தியில் ஒவ்வொரு வீடியோவுக்கும் நேராக "Made for kids" என்று இருந்தது. ஒரு வீடியோவைத் திறந்து Audience பகுதிக்குப் போனால், அதை வைத்ததே நான்தான் என்று தெரிந்தது. இரண்டு நாள் முன்பு Settings, Channel, Advanced settings என்று எதையோ தேடிப் போனபோது, சேனல் குழந்தைகளுக்கானதா என்று கேட்டது. பிள்ளைகள் சாப்பாடுதானே, ஆமாம் என்று தட்டிவிட்டேன். சேனலுக்கே வைத்த பதில் என்பதால் பழைய வீடியோக்களையும் பிடித்துக்கொண்டது.

யார் சாப்பிடுகிறார்கள் என்பதல்ல அங்கே கேள்வி. வீடியோ யாருக்காக எடுத்தது என்பதுதான். டிபன் பிள்ளைக்கு, வீடியோ அம்மாவுக்கு. 13 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் சேகரிக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் COPPA சட்டம். யூடியூப் அதை மீறியதாக எழுந்த வழக்கில் 2019-ல் கூகுள் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதையடுத்து 2020 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கானவை என்று குறித்த வீடியோக்களில் கமெண்டும் மணி அறிவிப்பும் கிடையாது. ஆக, நர்சரி பாட்டு போடுகிறவர்கள் கமெண்டுக்காக "இல்லை" என்று மாற்றக் கூடாது. யூடியூபே அந்தக் குறியை வைத்திருந்தால் நாமாக மாற்றவும் முடியாது, மேல்முறையீடுதான் வழி.

சரி, பதிலை மாற்றினேன். ஒவ்வொரு வீடியோவிலும் கமெண்ட் அமைப்பு திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். தம்பிக்கு மட்டும் ஆபீஸ் கணினியில் எந்தச் சேனலிலும் கமெண்ட் தெரியவில்லை. அங்கே வேண்டாத வீடியோக்களை வடிகட்டி, கமெண்டையும் மறைத்துவிடும் Restricted Mode போட்டிருந்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரே ஒரு வீடியோவில் மட்டும் கமெண்ட் திறக்கவில்லை. என் ஏழு வயது மகள் தனியாக உட்கார்ந்து ராகி இட்லி சாப்பிடுகிற வீடியோ. சிறுவர்கள் வரும் வீடியோக்களில் வக்கிரமாகக் கமெண்ட் எழுதும் கூட்டம் அம்பலமானதால், 2019 பிப்ரவரியிலிருந்தே அப்படிப்பட்டவற்றில் கமெண்டை மூடத் தொடங்கியிருந்தார்கள். காரணம் தெரிந்ததும் அதைத் திறக்க எனக்கே மனம் வரவில்லை. உளுந்தின் அளவை டிஸ்கிரிப்ஷனில் எழுதி வைத்தேன்.