ஷெல் சார்ட்: 28 நகர்த்தல் 12 ஆன கதை

இன்செர்ஷன் சார்ட் ஏன் மெதுவாகிறது என்று காகிதத்தில் எண்ணிப் பார்த்தால் புரிந்துவிடும். ஒரு எண்ணை ஒரு கட்டம் நகர்த்தினால், பெரியது முன்னும் சிறியது பின்னுமாகத் தலைகீழாக இருக்கும் ஜோடிகளில் சரியாக ஒன்றுதான் சீராகும். நான் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட வரிசை இது:

```
1 9 2 10 3 11 4 12 5 13 6 14 7 15 8 16
```

இதில் தலைகீழ் ஜோடிகள் 28. ஆகவே இன்செர்ஷன் சார்ட்டுக்கு 28 நகர்த்தல்கள். குறுக்கு வழி கிடையாது.

1959-இல் டொனால்ட் ஷெல் வெளியிட்ட முறை, பக்கத்து எண்ணை விட்டுவிட்டுத் தூரத்து எண்ணோடு முதலில் ஒப்பிடுகிறது. பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து 1-இல் முடிக்கிறது. அவர் சொன்னது பாதி பாதியாகக் குறைப்பது. 16 எண்களுக்கு 8, 4, 2, 1. மேலே உள்ள வரிசையில் இதை ஓட்டினால் 8, 4, 2 மூன்று சுற்றிலும் ஒரு எண்கூட அசையாது! மூன்றும் இரட்டைப்படை என்பதால் ஒற்றை இடத்து எண்ணும் இரட்டை இடத்து எண்ணும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. அந்த 28 நகர்த்தலும் கடைசிச் சுற்றின் தலையில் விழுகிறது.

இடைவெளியை 7, 3, 1 என்று மாற்றுங்கள். 7-இல் நான்கே நகர்த்தல்:

```
1 5 2 6 3 7 4 8 9 13 10 14 11 15 12 16
```

தலைகீழ் ஜோடிகள் 28-இலிருந்து 12 ஆகிவிட்டன. நான்கு அசைவில் பதினாறு தீர்ந்தது. நீண்ட தாவல் வழியில் உள்ள எண்களையும் தாண்டுவதால் வரும் லாபம் இது. 3-இல் இன்னும் நான்கு நகர்த்தினால் 4 ஜோடிகளே மிச்சம். 1-இல் அந்த நான்கு. மொத்தம் 12. சின்ன இடைவெளியில் அடுக்கும்போது பெரிய இடைவெளியில் கிடைத்த ஒழுங்கு குலையாது. அது நிரூபிக்கப்பட்ட விஷயம். இல்லாவிட்டால் முந்தைய சுற்றின் உழைப்பு வீண்தான்.

```python
def shell(a, gaps):
    moves = 0
    for g in gaps:
        for i in range(g, len(a)):
            x, j = a[i], i
            while j >= g and a[j-g] > x:
                a[j] = a[j-g]
                j -= g
                moves += 1
            a[j] = x
    return moves
```

`j >= g` என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் `j > 0` என்று எழுதிவிடுவது சகஜம். பைத்தானில் எதிர்மறை இன்டெக்ஸ் வரிசையின் வால்பக்கத்தைக் காட்டும், அதனால் எரர் வராது; சின்ன எண் ஒன்று கடைசிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். விபரீதம் என்னவென்றால் விடை அப்போதும் சரியாகவே வரும். இடைவெளி 1-க்கு இரண்டு நிபந்தனையும் ஒன்றுதான், கடைசிச் சுற்று எல்லாக் குப்பையையும் சத்தமில்லாமல் பெருக்கிவிடும். அடுக்கப்பட்டதா என்று மட்டும் சோதித்தால் இந்தப் பிழை சிக்காது. `moves` எண்ணிக்கையை அதனால்தான் திருப்பி அனுப்புகிறேன்: இதே வரிசைக்கு `[7, 3, 1]` கொடுத்தால் 12, `[8, 4, 2, 1]` கொடுத்தால் 28 வர வேண்டும்.

சம மதிப்புள்ள இரண்டு பதிவுகளின் பழைய முன்பின் வரிசை முக்கியமென்றால் ஷெல் சார்ட்டைத் தொடாதீர்கள். தூரத் தாவலில் ஒன்று மற்றொன்றைத் தாண்டிவிடும்.