மாமாவோடு சுங்கை சிப்புட்டுக்கு: கோடு, புள்ளி, ஐந்தடி

கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ஈடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். என் தாய்மாமா பிறந்தது அந்த ஊரை ஒட்டிய எல்பில் தோட்டத்தில். 1948 ஜூன் 16இல் வெள்ளைக்காரத் துரை சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் வந்ததே, அந்த எல்பில்தான். மாமா அதற்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர். நாற்பது வயதைத் தாண்டியபின் கண் அழுத்த நோயில் பார்வை முழுக்கப் போய்விட்டது. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், வெள்ளைத்தடியோடு நடப்பவரை அந்தத் தெருக்களில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தரையில் மஞ்சள் ஓடுகளும் ஓரளவு இருக்கின்றன.

அந்த ஓடுகளைத் தினமும் மிதிக்கிறோம், ஆனால் அவை இரண்டு வகை என்பது பலருக்குத் தெரியாது. நீளமாக, இணையாக ஓடும் கோடுகள் உள்ள ஓடு ஒன்று. அது வழி. கோடு போகும் திசையில் நடக்கலாம். வட்டப் புள்ளிகள் உள்ளது இன்னொன்று. அது எச்சரிக்கை. படி தொடங்குகிறது, சாலை வருகிறது, வழி பிரிகிறது, தண்டவாள விளிம்பு வந்துவிட்டது என்று பொருள். மேடு நாலைந்து மில்லிமீட்டர்தான். தடியின் நுனியைத் தரையிலிருந்து எடுக்காமல் உருட்டிக்கொண்டு போனால் கைக்குத் தெரியும். தடித்த அடிப்பாகம் உள்ள சப்பாத்து போட்டால் காலுக்குத் தெரியாது. அதனால் மாமா பயணத்துக்கு எப்போதும் மெல்லிய செருப்புதான். இதை உருவாக்கியவர் செய்இச்சி மியாகே என்ற ஜப்பானியர். ஒகாயாமா நகரில் 1967இல் முதன்முதலாகப் பதித்தார்கள்.

புள்ளிக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: நில். எதற்காக நிற்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அதைக் கூடப் போகிறவர் சொல்ல வேண்டும்.

ரயிலுக்குக் காத்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மாமாவைத் தூணோரம் நிறுத்திவிட்டு, தண்ணீர் போத்தல் வாங்கக் கடைப்பக்கம் போனேன். எப்போதும் அப்படித்தான்: தூணோ சுவரோ ஏதாவது ஒன்றை அவர் கை தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டு, எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். வெட்டவெளியில் விட்டால், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதே கொஞ்ச நேரத்தில் குழம்பிவிடும் என்பார். நான் திரும்பி வரும்போது ஒரு அக்கா அவர் கையைப் பிடித்து, விளிம்போரம் போகும் மஞ்சள் புள்ளிப் பட்டைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "ஐயா, உங்க பாதை இங்கே இருக்கு" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பட்டை பார்வையற்றவர் நடக்கப் போட்டதில்லை. அதை மிதித்தால் உடனே நின்று, பின்வாங்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. அதன்மேல் நீளவாக்கில் நடந்தால் தண்டவாளத்துக்கும் காலுக்கும் இடையே இருப்பது ஓரிரு அடிதான். மாமா பதறவில்லை. "நன்றிம்மா, இது நிக்கிற கோடு, நடக்கிற கோடு இல்ல. எனக்குத் தூண் போதும்" என்றார். மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே பாதை என்று நினைப்பது கண் தெரிந்தவர்களின் பழக்கம். மேட்டின் வடிவத்தைப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்வையற்றவரின் கையை நாம் பிடிக்கக் கூடாது, அவர்தான் நம் கையைப் பிடிக்க வேண்டும். என் முழங்கைக்குச் சற்று மேலே மாமா பிடித்துக்கொள்வார், அரை அடி பின்னால் வருவார். நான் ஒரு படி இறங்கினால் என் தோள் இறங்குவது அவர் கைக்குத் தெரிந்துவிடும். குறுகிய இடம் வந்தால் பிடித்த கையை என் முதுகுக்குப் பின்னால் மடக்குவேன். ஒன்றும் சொல்லாமலே அவர் எனக்கு நேர் பின்னால் வந்துவிடுவார்.

ரயிலில் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். மாமாவோடு போகும்போது நான் கற்றுக்கொண்ட முதல் ஒழுக்கம், அறிவிப்பு ஒலிக்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பது. "மாமா, என்னமோ சொல்றாங்க" என்று நாம் ஆரம்பித்தால் ஊர்ப்பெயர் அதிலேயே அமுங்கிப் போகும். அறிவிப்பை மட்டும் நம்பியும் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். ஏறும்போதே வழியில் நிற்கும் நிலையங்களைக் கேட்டு வரிசையாக மனத்தில் போட்டுக்கொள்வார். பெட்டியில் குழந்தை அழுது ஓர் அறிவிப்பு காதில் விழாவிட்டாலும், முந்தினது எது என்று தெரிந்தால் போதுமே. ஈப்போவில் பாதிப் பெட்டி காலியானதும், சாமானை மடிக்கு எடுத்துவிட்டார். சின்ன நிலையங்களில் ரயில் அதிக நேரம் நிற்பதில்லை.

இறங்கும்போது நான் சொல்வதும் எப்போதும் ஒரே வரிசைதான். "கதவு இடது பக்கம். வாசல்ல நிக்கிறோம். முன்னால இடைவெளி இருக்கு, ஒரு எட்டு பெரிசா வைங்க." முதலில் திசை, அப்புறம் நிற்பது, அப்புறம் என்ன இருக்கிறது, கடைசியில் என்ன செய்ய வேண்டும். படிக்கட்டும் அப்படியே. நின்று, "இறங்குபடி" என்று சொல்லி, அவர் கால் நுனி விளிம்பைத் தொட்டபின்தான் முதல் அடி. கடைசிப் படியில் "முடிஞ்சது" என்று சொல்லியாக வேண்டும். இல்லாத படிக்காக ஒரு கால் காற்றில் இறங்குவதுதான் முதுகெலும்பை உலுக்கும். படிகளை எண்ணிச் சொல்பவர்களும் உண்டு. மாமாவுக்கு அது பிடிக்காது. எண்ணிக்கையில் ஒன்று தவறினால் எண்ணாததைவிட மோசம் என்பார்.

நம்மவர்கள் பதற்றத்தில் சொல்வது "பார்த்து! பார்த்து!" அதைக் கேட்டு ஒருவர் என்ன செய்ய முடியும்? ஒதுங்குவதா, குனிவதா? "நில்லுங்க" என்றால் வேலை முடிந்தது. விளக்கத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

நிலையத்தைத் தாண்டி டவுனுக்குள் வந்தபின் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. பழைய கடைவரிசையின் ஐந்தடிதான். வெயிலும் மழையும் படாத நல்ல நடைபாதைதான், ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்தியிருக்கிறார். பத்தடிக்கு ஒரு முறை ஏற்றம், இறக்கம். ஒரு கடையில் வழவழப்பான ஓடு, அடுத்ததில் சிமெண்டு. நடுவில் மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, சாமி படத்துக்கு முன்னால் புகையும் சாம்பிராணி. பக்கத்திலேயே திறந்த லோங்காங்.

இங்கே மாமா என் கையை விட்டுவிட்டார். "நான் தடியில போறேன், நீ வாயால வா" என்றார். கடைச்சுவரை வலது பக்கம் வைத்துக்கொண்டு, தடியின் நுனியைத் தரையிலேயே இழுத்தபடி நடந்தார். கடைக்கும் கடைக்கும் நடுவே சந்து வந்தால் வலது கன்னத்தில் காற்று படும், தடிச்சத்தம் சுவரில் மோதித் திரும்பாது. சந்து வந்ததை நான் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். நான் சொல்ல வேண்டியிருந்தது தடிக்கு எட்டாததை மட்டும்தான். இடுப்புக்குக் கீழே இருப்பது தடிக்குத் தெரியும். நெற்றி உயரத்தில் தொங்கும் விளம்பரப் பலகை, பாதி சுருட்டிவிட்ட படுதாவின் இரும்புக்குழாய், லாரியின் பின்பக்கத் தட்டு இவையெல்லாம் தடிக்குத் தெரியாது. லாரிக்கு அடியில் தடி தாராளமாக நுழைந்துவிடும், தட்டு மார்பில் இடிக்கும்.

வழியில் ஓர் அலுவலகத்தின் முன்னால் கோட்டு ஓடு பதித்திருந்தார்கள். மாமா முகம் மலர்ந்து அதில் ஏறினார். கொஞ்ச தூரம் நேராகப் போய், முடிவில் ஒரு புள்ளி ஓடுகூட இல்லாமல், மூடி காணாமல் போன கால்வாயின் விளிம்பில் நின்றது பாதை. "நில்லுங்க" என்றேன். தடியை நீட்டித் துழாவினார், நுனி ஆழத்துக்குப் போனது. "இதுக்கு ஓடே போடாம இருந்திருக்கலாம்" என்றார். நியாயம்தான். ஓடு இல்லாத இடத்தில் அவர் ஒவ்வொரு அடியையும் சோதித்து வைக்கிறார். ஓடு இருந்தால் அதை நம்பி வேகமாக நடக்கிறார். பாதியில் விடும் பாதை அந்த நம்பிக்கையைத்தான் தள்ளிவிடுகிறது.

அப்புறம் மழை. பேராக் மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக்கூரையில் விழத் தொடங்கியதும் மாமா நின்றுவிட்டார். நனைவதற்குப் பயந்து இல்லை. மோட்டார் வரும் சத்தம், சுவரின் எதிரொலி, என் குரல் எல்லாம் ஒன்றாக அழிந்துவிட்டன. நமக்குத் திடீரென்று விளக்கு அணைந்ததற்குச் சமம் அது. கத்திச் சொல்வதில் பயனில்லை. முழங்கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டார். மழை விடும்வரை கோப்பிக்கடையில் தே குடித்தோம். தவ்கே கிழவர் மாமாவின் பால்யத்தில் அதே கடையில் கிளாஸ் கழுவியவராம். இருவரும் ஒருவரை ஒருவர் குரலில் கண்டுபிடிக்க முயன்று தோற்றதைத் தனியாகவே எழுதலாம்.

தோட்டத்தில் அதிக நேரம் இல்லை. மாமா ரப்பர் மரத்தைத் தேடினார், நாங்கள் நின்ற பக்கம் செம்பனைதான். நடப்பதற்கு இது வேறு தொல்லை. வெட்டிப்போட்ட மட்டைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், மட்டையின் அடிப்பகுதி முழுக்க முள். இளமரமாக இருந்தால் ஓலை முகத்துக்கு நேராகத் தொங்கும். அதனால் மண்சாலையை விட்டு இறங்காமல், அவருக்கு முன்னால் ஓலையை ஒதுக்கிக்கொண்டே போனேன். கோயில் மணி கேட்ட திசையைக் கையால் காட்டி, லயத்து வீடுகள் எந்தப் பக்கம் இருந்தன என்று எனக்கே அவர்தான் வழி சொன்னார்.

மத்தியானம் டவுனில் வாழையிலைச் சாப்பாடு. தட்டில் சாப்பிடும்போது கடிகார முள் கணக்கில் சொல்வது வழக்கம்: சோறு ஆறு மணியில், மீன் மூன்று மணியில் என்று. இலை போட்டதும் நான் அதை ஆரம்பித்தேன். மாமா தடுத்தார். "இலைக்கு எதுக்குடா மணி? நுனி இடது பக்கம், மேல பாதியில கறி, கீழ சோறு. இது நம்ம பாட்டி காலத்துல இருந்து மாறாத வரிசை." சரி என்று பேசாமல் இருந்தேன். பரிமாறிய தம்பிக்கு அந்த வரிசை எல்லாம் தெரியவில்லை. இலையை நுனி வலது பக்கம் வரப் போட்டிருந்தார், ஊறுகாயைச் சோற்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். மாமா முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்து, "சரிடா, மணி சொல்லு" என்றார்.