கேழ்வரகுக் கூழுக்குள் யாழ் எப்படி வந்தது? ஒரு நேரிசை வெண்பாவின் வரைவுக் குறிப்புகள்

எடுத்துக்கொண்ட பொருள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மேட்டுநிலக் கேழ்வரகு. வடிவம் நேரிசை வெண்பா. நான்கு அடி, கடைசி அடியில் மட்டும் மூன்று சீர். இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல். முதலடியின் எதுகையை இரண்டாம் அடியின் முதற்சீரும் தனிச்சொல்லும் ஏற்க வேண்டும். மூன்றாம், நான்காம் அடிகள் வேறோர் எதுகைக்கு மாறிக்கொள்ளலாம். ஆக முதல் எதுகைக்கு மூன்று சொல், இரண்டாவதற்கு இரண்டு சொல், அவ்வளவுதான் தேவை. இந்த ஐந்து இடங்களில் எங்கே செயற்கை தட்டுகிறது என்று பார்ப்பதுதான் இந்த முயற்சி.

சொற்பட்டியல்

எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. அதோடு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘கேழ்வரகு’ நெடிலில் தொடங்குகிறது. மானாவாரிப் பாட்டு என்றதும் கை முதலில் எழுதுவது ‘மழை’, ‘உழவு’, ‘பழையது’. மூன்றிலும் ழகரம் இருக்கிறது. மூன்றும் குறிலில் தொடங்குவதால் மூன்றையும் அடித்துவிட வேண்டியதுதான். முதல் வரைவில் ‘கேழ்வரகு’க்குக் கீழே ‘மழை’யை வைத்தபோது தாளில் எதுகை போலத் தெரிந்தது, வாய்விட்டுப் படித்தால் படியில் கால் தவறியது போல இருந்தது. நெடில் இரண்டு மாத்திரை, குறில் ஒன்று. ழகரம் வந்து விழும் நேரமே மாறிவிடுகிறது.

மிஞ்சியவை: கூழ், வாழ், தாழ், சூழ், கீழ், பாழ், ஊழ், ஆழ், வீழ், ஏழ், யாழ். பட்டியலை எழுதியதும் இரண்டாகப் பிரிப்பது நல்லது. பாட்டின் பொருளுக்குள் ஏற்கெனவே இருக்கும் சொற்கள் ஒரு பக்கம்: கூழ், பாழ் (தரிசு), வாழ். ஓசைக்காக மட்டும் வரக்கூடியவை மறுபக்கம்: யாழ், ஊழ், ஆழ். நடுவில் தொங்குபவை சூழ், தாழ், கீழ். ஆபத்து இந்த நடுப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஏனென்று கீழே வரும்.

இங்கே பேச்சில் ‘ராகி’தான் அதிகம். அதை வைத்துத் தொடங்கினால் மேகம், தாகம், ஆகும், போகும் என்று சொற்கள் கொட்டும். தொடை எளிது. ஆனால் ‘ஆகும்’, ‘போகும்’ எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் சொற்கள். அவை அடிமுதலில் நின்றால் காது எதையும் வாங்கிக்கொள்வதில்லை. அதனால் ‘கேழ்வரகு’க்கே திரும்பியாயிற்று.

முதல் முழு வரைவு

கேழ்வரகுக் கூழ்குடித்துக் கீழ்வானம் பார்த்தெழுந்து
பாழ்நிலமும் ஏர்பிடித்துப் பண்படுத்தி – யாழ்நிகர்த்த
வானமே பொய்த்தாலும் மண்குதிரில் கெட்டழியாத்
தானியம் தாங்கும் தரை.

சீரோடு சீர் சேரும் தளை எங்கும் தட்டவில்லை. முதலிரண்டு அடியும் முழுக்கக் காய்ச்சீர், ஒவ்வொரு காய்க்கும் அடுத்தது நேர். ‘வானமே’, ‘தானியம்’ இரண்டும் விளம், அடுத்தது நேர். ‘தாங்கும்’ மா, அடுத்து வரும் ‘தரை’ நிரை, அதாவது மலர் வாய்பாடு. இலக்கணம் பார்ப்பவர் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டோ மூன்று இடத்தில் பொய் சொல்கிறது.

முதற்பொய், கூழ் குடித்த பிறகு எழுவது. மோனைக்காகக் ‘கே’க்குக் ‘கீ’ தேடியபோது ‘கீழ்வானம் பார்த்தெழுந்து’ ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தார் என்று சமாதானம் சொல்லலாம். சமாதானம் தேவைப்படுகிறது என்பதே குறை.

இரண்டாவது, வானம் யாழைப் போன்றது என்பது. எந்த விதத்தில்? எந்த விதத்திலும் இல்லை. தனிச்சொல் இடத்துக்கு ‘நெடில் + ழ்’ வேண்டும், பட்டியலில் யாழ் சும்மா இருந்தது, வந்துவிட்டது.

மூன்றாவது கடைசி அடி. தா, தா, த என்று மூன்று சீரும் ஒரே எழுத்தில் தொடங்கும் ஆசையில் ‘தரை’ வந்தது. இப்போது தானியத்தைத் தரை தாங்குகிறதா, தரையைத் தானியம் தாங்குகிறதா? கெட்டழியாத தானியம் இருப்பது குதிரில். தரைக்கு அங்கே வேலையே இல்லை.

தனிச்சொல்லை மாற்றியது

யாழை எடுத்துவிட்டு ‘சூழ்ந்திருக்கும்’ போட்டுப் பார்த்தால் ‘சூழ்ந்திருக்கும் வானமே பொய்த்தாலும்’ என்று வருகிறது. வழவழவென்று ஓடுகிறது. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுவார்கள், நிறுத்தவும் தோன்றும். ஆனால் வானம் சூழ்ந்துதானே இருக்கும்? யாழ் துருத்திக்கொண்டு தெரிந்தது, உடனே பிடிபட்டது. சூழ் துருத்தாத வெற்றுச்சொல், அதனால் தப்பித்துப் போகும். நடுப் பக்கத்துச் சொற்கள் ஆபத்தானவை என்றது இதற்காகத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி: வெண்பாவை உரைநடையாக ஒரே வாக்கியத்தில் எழுதி, எதுகைச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது. எடுத்தால் வாக்கியம் நிற்கிறது என்றால் அது ஓசைக்காக வந்த சொல். ‘சூழ்ந்திருக்கும்’ போனாலும் வாக்கியம் அப்படியே நிற்கிறது. மேலும், அந்த உரைநடை வாக்கியத்தில் வேறொன்றும் தெரிந்தது. யார் குடித்தார், யார் ஏர்பிடித்தார் என்பதே இல்லை. வினையெச்சங்கள் வரிசையாக வருகின்றன, எழுவாய் எங்கும் இல்லை. காணாமல்போன ஆள் உட்கார வேண்டிய இடம் தனிச்சொல்தான்: ‘வாழ்ந்தவர்க்கு’. இதை எடுத்தால் பாட்டு இரண்டு துண்டாக உடையும். நேர், நிரை, நேர் என்ற அசைகளிலும் இது யாழ்நிகர்த்த, சூழ்ந்திருக்கும் இரண்டுக்கும் சமம், ஆகவே தளை கெடவில்லை.

இதிலிருந்து வேலையின் வரிசையையே மாற்றிக்கொள்ளலாம். பலரும் முதலடியை எழுதிவிட்டுத் தனிச்சொல்லுக்குத் திண்டாடுகிறார்கள். வாக்கியத்தின் மூட்டு எது என்று முதலில் பார்த்து அதைத் தனிச்சொல்லாக வைத்துக்கொண்டு, அதன் எதுகையில் மேலே இரண்டு சொல் தேடினால் திண்டாட்டம் பாதியாகும். மேலடிகளில் சொல்லை நகர்த்த இடமிருக்கிறது. ஒரே சீராக நிற்கும் தனிச்சொல்லில் நகர்த்த இடமில்லை.

மோனையைக் குறைத்தது

மோனைக்கு அதே எழுத்துதான் வேண்டும் என்பதில்லை. அ ஆ ஐ ஔ ஓர் இனம், இ ஈ எ ஏ ஓர் இனம், உ ஊ ஒ ஓ ஓர் இனம். மெய்யில் சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் உறவு. ‘வானமே பொய்த்தாலும் மண்குதிரில்’ என்பதில் வா, ம இரண்டும் முதல், மூன்றாம் சீர்களில் நிற்கின்றன. பொழிப்பு மோனை. வகரமே வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் மண்குதிர் கிடைத்திருக்காது. இன மோனை மெல்ல ஒலிக்கிறது, காதுக்கு அது போதும்.

கடைசி அடியில் மூன்றாவது தகரத்தைக் கைவிட்டு ‘தானியம் தாங்கும் குடி’. ‘குடி’யும் நிரைதான். மூன்று சீர் அடிக்கு இரண்டு மோனையே நிறைவு; மூன்றாவது வந்தால் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

முதலடிக்கு ‘கீற்றொளியில் காடடைந்து’. இங்கே காடு என்றால் மேட்டுநிலப் பயிர்க்காடு, ‘காட்டுக்குப் போறேன்’ என்பதில் வரும் காடு. கூழ், பிறகு விடியல் வெளிச்சம், பிறகு காடு. வரிசை சரியாயிற்று.

தகடூர் அதியமானைப் பாடிய ஔவையார் பெயரில் உள்ள புறநானூறு 187ஐ இந்தக் கட்டத்தில் பார்ப்பது உதவும். நான்கே அடி அகவல். ‘நாடா’வுக்குக் ‘காடா’, ‘எவ்வழி’க்கு ‘அவ்வழி’. எதிரெதிர் நிறுத்த வேண்டிய சொற்கள் தாமே எதுகையாகின்றன. இரண்டாம் அடியில் அவல், மிசை. பள்ளமும் மேடும். அங்கே எதுகை இல்லை, தேடவும் இல்லை. அகவலுக்கு அந்தச் சலுகை உண்டு. வெண்பாவின் தனிச்சொல்லுக்கு இல்லை.

இப்போதைய வடிவம்

கேழ்வரகுக் கூழ்குடித்துக் கீற்றொளியில் காடடைந்து
பாழ்நிலமும் ஏர்பிடித்துப் பண்படுத்தி – வாழ்ந்தவர்க்கு
வானமே பொய்த்தாலும் மண்குதிரில் கெட்டழியாத்
தானியம் தாங்கும் குடி.

திட்டமிடாமல் அமைந்தது ஒன்று: பாழ், வாழ், வான், தான், தாங் என்று இரண்டாம் அடியிலிருந்து முக்கியமான இடங்களில் எல்லாம் ஆகாரம். முதலடியில் மட்டும் ஏ, ஊ, ஈ, ஆ என்று நான்கு வேறு நெடில்கள். உயிரொலி இப்படி ஒத்துப்போவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனால் படிக்கும்போது வாய் திறந்தபடி போகிறது. எதுகைக்கு நெடிலைத் தேர்ந்ததால் கிடைத்த உபரி இது. தனியாகத் தேடிப் போனால் ‘வானமே’க்குப் பதில் இன்னும் இரண்டு ஆகாரச் சொல் நுழைந்து கெட்டுப்போயிருக்கும்.

‘வானமே’யில் வரும் ஏகாரம் அசைநிலையா என்று சந்தேகம் வரலாம். ‘வானமே பொய்த்தாலும் கூட’ என்ற அழுத்தம் பேச்சிலும் உண்டு, அதனால் இருக்கட்டும். கேழ்வரகு பல ஆண்டு வண்டு விழாமல் கிடக்கும் தானியம், ஆகவே ‘கெட்டழியா’ என்பதும் எதுகைக்காக வந்த அடைமொழி அன்று. அந்தச் சீரில் எதுகையே இல்லை.

உறுத்தல் ‘கீற்றொளி’. வழக்கில் ‘ஒளிக்கீற்று’தான். அதைப் போட்டால் நிரையில் தொடங்கி, முன்னே உள்ள காயோடு வெண்பாவுக்கு ஆகாத கலித்தளை ஆகிவிடும், மோனையும் போகும். ‘கீழ்வெளுக்கக் காடடைந்து’ என்றால் தளையும் மோனையும் நிற்கின்றன, ‘கிழக்கு வெளுக்க’ என்ற பேச்சுக்கும் பக்கத்தில் வருகிறது. ஆனால் கேழ், கூழ், கீழ் என்று ஒரே அடியில் மூன்று ழகரம். ழகரத்தை ளகரமாகச் சொல்லிப் பழகிய நாக்குக்கு மூன்றாவதில் தடுக்குகிறது. இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. வேறு நாலு பேர் வாயால் படித்துக் கேட்ட பிறகு ஒன்றை அடிக்க வேண்டும்.